பப்ஸ் கணக்கு

வணக்கம் சார். விருதுநகரில் அப்பா நடத்தி வந்த பேக்கரியை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். முட்டை பப்ஸும் கிரீம் பன்னும் ஒரு நாள் மீந்துபோகின்றன, மறுநாள் சாயங்காலமே தீர்ந்துவிடுகின்றன. நாளைக்கு எவ்வளவு விற்கும் என்று கணித்துச் சொல்லும் மென்பொருளை 1,20,000 ரூபாய்க்குச் செய்துதருவதாக ஒருவர் சொல்கிறார். பராமரிப்புக்கு மாதம் 3,000. தினமும் போட்டது, மீந்தது என்று ஒரு வருட நோட்டு இருக்கிறது. இறங்கலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

நாளை எத்தனை பப்ஸ் போகும் என்பதை ஒன்றுகூடத் தப்பாமல் சொல்லும் ஒருவர் உங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று வையுங்கள். அவரால் மாதம் எவ்வளவு மிச்சமாகும்? எந்த மென்பொருளும் அந்தத் தொகையைத் தாண்டாது. அதனால் அதை முதலில் கணக்குப் போட வேண்டும்.

நான் ஒரு உதாரணக் கணக்கு தருகிறேன், எண்களை உங்கள் நோட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். பப்ஸ் விலை 20 ரூபாய், அடக்கம் 8 ரூபாய். இந்த அடக்கத்தில் மாவு, முட்டை, கேஸ் மட்டும்தான் வர வேண்டும். மாஸ்டர் சம்பளத்தையும் வாடகையையும் சேர்க்காதீர்கள். இருபது பப்ஸ் குறைத்துப் போட்டாலும் அவை குறையப்போவதில்லை. ஆக, ஒன்று மீந்தால் 8 ரூபாய் போகிறது. ஒருவரை இல்லையென்று அனுப்பினால் 12 ரூபாய் போகிறது. நாளுக்குச் சராசரியாக 22 மீந்து, 10 பேர் திரும்பிப் போனால் 176-ம் 120-ம் சேர்ந்து 296 ரூபாய். 26 நாளுக்கு ஏறக்குறைய 7,700. கிரீம் பன்னில் ஒரு 4,300 என்று வைத்தால் மொத்தம் 12,000. பிஸ்கட்டை விடுங்கள், அது நாளைக்கும் விற்கும்.

செலவை இரண்டு வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 5,000, பராமரிப்போடு 8,000.

இதில் ஒரு எண்ணை உங்கள் நோட்டு சொல்லாது. 210 போட்டு மீதி பூஜ்யம் என்று எழுதியிருந்தால், அன்று 210 பேர் கேட்டார்களா 250 பேர் கேட்டார்களா என்று தெரியாது. கணிப்பு வேலைகளில் நான் அதிகம் பார்த்த தவறு இதுதான்: விற்றதைத் தேவை என்று எடுத்துக்கொள்வது. அப்படிச் செய்தால் தீர்ந்துபோன நாட்களிலெல்லாம் கணிப்பு குறைவாகவே வரும். இரண்டு வாரம் பப்ஸ் எத்தனை மணிக்குத் தீர்ந்தது என்று எழுதுங்கள், திரும்பிப் போனவருக்கு ஒரு கோடு போடுங்கள். பப்ஸ் இல்லையென்றதும் பன் வாங்கிக்கொண்டவரை நஷ்டத்தில் சேர்க்க வேண்டாம்.

அப்புறம், அந்த மென்பொருளை இன்றைய நிலைமையோடு மட்டும் ஒப்பிடக் கூடாது, காசே செலவில்லாத ஒரு வழியோடும் ஒப்பிட வேண்டும். ஒரு திங்கட்கிழமைக்கு எவ்வளவு போடலாம்? அதற்கு முந்தைய பத்துத் திங்கட்கிழமைகளின் தேவையைச் சின்னதிலிருந்து பெரியதாக எழுதி, ஆறாவது எண்ணை எடுங்கள். ஏன் ஆறாவது? தட்டுப்பாட்டின் நஷ்டமான 12-ஐ, இரண்டு நஷ்டங்களின் கூட்டுத்தொகையான 20-ஆல் வகுத்தால் 0.6. பத்தில் ஆறு நாள் தேவை முழுதும் ஈடாகும்படி போடுவதுதான் இந்த விலையில் கட்டுப்படியாகும். உங்கள் லாபம் கூடினால் ஆறு ஏழாகும்.

இந்த விதியை நோட்டின் கடைசி மூன்று மாதத்தில் ஓட்டிப் பாருங்கள். மீதி பூஜ்யமான நாட்களுக்கு, அந்த இரண்டு வாரக் கோடுகளைப் பார்த்து ஒரு மதிப்பை விற்றதோடு கூட்டித் தேவையாக வையுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் அதற்கு முந்தைய எண்களை மட்டும் பயன்படுத்த வேண்டும். தீபாவளி வாரத்தையும் பள்ளி விடுமுறையையும் தனியே வையுங்கள். இரண்டு சாயங்கால வேலை. நாளுக்கு 296 என்பது 220 ஆனால், கால்வாசி நஷ்டம் சும்மாவே குறைந்துவிட்டது. பன்னிலும் அதே அளவு குறைந்தால் 12,000-ல் மிச்சம் இருப்பது 9,000. அதில் 8,000-ஐ மீட்டால்தான் மென்பொருள் போட்ட காசையாவது எடுக்கும். திடீர் மழையும் எதிர்த்த மண்டபத்துக் கல்யாணமும் இருக்கும் ஊரில் அது நடக்காது. உங்கள் எண்களும் இதன் பக்கத்தில் வந்தால், வேண்டாம் என்பதே என் பதில். இதே செலவு ஆறு கிளைகளுக்குப் பங்காகும் என்றால் கணக்கு வேறு.

இன்னொன்று, தட்டு. ஒரு தட்டில் 30 பப்ஸ் என்றால் நீங்கள் போடுவது 180 அல்லது 210. மென்பொருள் 201 என்றாலும் 208 என்றாலும் மாஸ்டர் ஏழு தட்டுதான் வைப்பார். முடிவை மாற்றாத துல்லியத்துக்கு யாரும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

உங்கள் இடத்தில் இருந்தால் நான் முதலில் ஃப்ரிட்ஜைத்தான் பார்ப்பேன். மசாலா வைத்து மடித்த பச்சைப் பப்ஸை இரண்டு தட்டு குளிரில் வைத்துக்கொண்டு, மாலை நாலு மணிக்கு என்ன மிச்சம், வானம் எப்படி என்று பார்த்து அடுப்பில் ஏற்றலாம். காலையில் யாராலும் சொல்ல முடியாதது நாலு மணிக்குக் கண்ணுக்கே தெரியும். மடித்த பப்ஸ் உங்கள் ஃப்ரிட்ஜில் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று மாஸ்டரிடம் கேட்டு எழுதுங்கள்.