வாங்கிய விலை 8 வெள்ளி, இணையத்தில் 3.76 வெள்ளி: எது சரி?

"10 வருடத்துக்கு முன் 1,000 பங்குகளை 8 வெள்ளி விலையில் வாங்கினேன். பங்கு விலை 10 வெள்ளியாக இருந்தபோது 40 காசு டிவிடெண்ட் வந்தது. பிறகு ஒரு பங்கை இரண்டாகப் பிரித்தார்கள். அப்புறம் விலை 6 வெள்ளியாக இருந்தபோது 12 காசு வந்தது. இப்போது விலை 7 வெள்ளி. யாஹூ ஃபைனான்ஸில் நான் வாங்கிய நாளுக்கு Adj Close 3.76 என்று காட்டுகிறது. என் லாபம் எவ்வளவு?" — தெம்பனிஸ் வாசகர்

அந்த 3.76 சரியான எண்தான். ஆனால் அது சந்தையில் நடந்த விலை இல்லை, பின்னோக்கிக் கணக்கிட்ட விலை.

டிவிடெண்டுக்கான எக்ஸ்-டேட் அன்று, புதிதாக வாங்குபவருக்கு அந்தப் பணம் கிடையாது. அதனால் விலை ஏறக்குறைய அந்த அளவு இறங்கும். அது நஷ்டமாகத் தெரியாமலிருக்க, அதற்கு முந்தைய எல்லா விலைகளையும் ஒரு காரணியால் பெருக்குகிறார்கள். காரணி என்பது 1-இலிருந்து, டிவிடெண்டை முந்தின நாள் முடிவு விலையால் வகுத்ததைக் கழிப்பது. உங்கள் முதல் டிவிடெண்டுக்கு 0.96, இரண்டாவதற்கு 0.98, பங்குப் பிரிப்புக்கு 0.5. மூன்றையும் 8 வெள்ளியோடு பெருக்கினால் 3.7632.

```
=7/(8*0.96*0.5*0.98)-1
```

விடை 0.86, அதாவது 86 விழுக்காடு. ஆண்டுக்குச் சுமார் 6.4 விழுக்காடு கூட்டு வளர்ச்சி. எக்ஸ்-டேட் அன்றே டிவிடெண்ட் பணத்துக்கு அதே பங்கை மறுபடி வாங்கியதாக வைத்துத்தான் இந்தக் கணக்கு. தரகுக் கட்டணம் இதில் சேரவில்லை. சிங்கப்பூரில் நிறுவன டிவிடெண்டுக்குத் தனிநபர் வரி கட்டுவதில்லை என்பதால் முழுத் தொகையையும் எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் டிவிடெண்ட் பணத்தை மறுபடி முதலீடு செய்யாமல் வங்கியிலேயே விட்டிருந்தால், இன்று 2,000 பங்குகளின் மதிப்பு 14,000 வெள்ளி, டிவிடெண்ட் 400-உம் 240-உம். போட்ட 8,000 வெள்ளிக்கு 83 விழுக்காடு லாபம்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 3.76-இலிருந்து 7 வரையிலான ஏற்றத்தை எடுத்துக்கொண்டு, அதன்மேல் டிவிடெண்டையும் கூட்டுவார்கள். அது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. இரண்டு முறை எண்ணினால் லாபம் 94 விழுக்காட்டைத் தாண்டிவிடும்.

அதே பக்கத்தில் உள்ள Close-ஐயும் கவனியுங்கள். அதில் பிரிப்பு மட்டும் சரிசெய்யப்பட்டிருக்கும், டிவிடெண்ட் சேராது. நீங்கள் வாங்கிய நாளில் அது 8-க்குப் பதில் 4 என்று காட்டினால், மறுபடியும் பாதியாக்காதீர்கள். அந்த 4-ஐ வைத்துக் கணக்குப் போடுபவர், பிரிப்புக்கு முன் வந்த 40 காசையும் 20 காசாக மாற்ற வேண்டும்.

போனஸ் பங்குக்கும் இதே வழிதான். 2024-இல் டிபிஎஸ் 10 பங்குக்கு 1 போனஸ் கொடுத்தது. அங்கே காரணி 0.9 இல்லை, 10-ஐ 11-ஆல் வகுத்த 0.9091.

ஒவ்வொரு புது டிவிடெண்டுக்குப் பிறகும் பழைய Adj Close எல்லாமே சற்றுக் குறையும். அதனால் போன வருடம் இறக்கிவைத்த கோப்போடு இன்றைய எண்களை ஒட்டாமல், முழு வரலாற்றையும் ஒரே நாளில் புதிதாக இறக்கிக் கணக்குப் போடுங்கள்.