88% ஒத்துப்போனால் போதுமா?

“கால்பந்து வீடியோவில் ஒவ்வொரு பாஸுக்கும் ‘அழுத்தம் உண்டு / இல்லை’ என்று இரண்டு பேர் தனித்தனியாகக் குறியிட்டோம். 100-க்கு 88 ஒத்துப்போகிறது. போதுமா?”

போதாதுங்க. பெரும்பாலான பாஸ்களில் அழுத்தமே இருக்காது, அதனால் கண்ணை மூடிக்கொண்டு ‘இல்லை’ போட்டாலும் எண்ணிக்கை ஏறிவிடும். இருவரும் ‘இல்லை’ என்றவை 84, ‘உண்டு’ என்றவை 4, ஒருவர் மட்டும் ‘உண்டு’ என்றவை ஆளுக்கு 6 என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 90 ‘இல்லை’, 10 ‘உண்டு’ என்பதால், 0.9 × 0.9 + 0.1 × 0.1 = 0.82, அதாவது தற்செயலாகவே 82% ஒத்துப்போகும். இருவரின் குறியீடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று அளக்கும் கோஹென் கப்பா இதைக் கழித்துவிட்டுக் கணக்கிடும்:

```
(0.88 - 0.82) / (1 - 0.82) = 0.33
```

இது குறைவுதான். அந்த 12 பாஸ்களையும் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். அநேகமாகக் குழப்பம் வரையறையில்தான் இருக்கும். ‘பாஸர் பந்தை உதைக்கும் கணத்தில், எதிரணி வீரர் 2 மீட்டருக்குள் அவரை நோக்கி வந்தால் மட்டும் உண்டு’ என்பதுபோல எழுதிவையுங்கள். தூரம் உங்கள் முடிவு, ஆனால் கணத்தைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். பாதிச் சண்டை அங்கேதான் வரும்.

அப்புறம், ஒருவர் குறித்து மற்றவர் தவறவிட்ட பாஸ்கள் இந்தக் கப்பாவில் வராது. நேர வித்தியாசம் 2 நொடிக்குள் இருப்பவற்றை ஜோடி சேர்த்து, ஜோடியில்லாதவற்றைத் தனியாக எண்ணுங்கள்.

மறுசோதனைக்குப் பேசித் தீர்த்த அதே பகுதி வேண்டாம், இருவரும் பார்க்காத வேறு பகுதியை எடுங்கள்.