பொடுகு புருவத்துக்கு இறங்கிடுச்சா?

"டாக்டர், வயசு 31. ரெண்டு வருஷமா தலையில பொடுகு. இப்ப ஆறு மாசமா புருவம், காது பின்னாடி, மூக்கோட ரெண்டு ஓரமும் சிவந்து மாவு மாதிரி உதிருது. தினமும் தேங்காய் எண்ணெய் வைக்கிறேன். மெடிக்கல்ல குடுத்த கிரீம் போட்டா மூணு நாள்ல போயிடுது, விட்டா திரும்ப வருது. என்ன பண்ணலாம்?"

முதல்ல அந்த டியூப்ல இருக்கற பொடி எழுத்தைப் படிங்க. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால்னு ஏதாச்சும் இருந்தா அது ஸ்ட்ராங்கான ஸ்டீராய்டு, முகத்துக்கு ஆகாது. சிவப்பை அமுக்கும், அவ்ளோதான், மாசக்கணக்கா போட்டா தோல் மெலிஞ்சு ரத்தக்குழாய் வெளிய தெரியும், பரு கிளம்பும்.

நீங்க சொல்ற அறிகுறிக்கு இது செபோரிக் டெர்மடைட்டிஸ்ங்கற தோல் அழற்சிதான். தலையில இருந்து 'பரவுது'ன்னு தோணும், ஆனா நடக்கறது வேற. மலசீசியான்னு ஒரு ஈஸ்ட், அதாவது ஒரு வகை பூஞ்சை, எல்லார் தோல்லயும் இருக்கு, எண்ணெய்ப்பசைதான் அதுக்குச் சாப்பாடு. புருவம், மூக்கோரம், காது மடல் எல்லாமே எண்ணெய் சுரக்கற இடம், அதான் அங்கங்க வெடிக்குது. ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு ஒட்டாது. உதிருதேன்னு வறட்சின்னு நினைச்சு எண்ணெய் தடவறீங்க பாருங்க, அது அந்த ஈஸ்ட்டுக்கு வைக்கற விருந்து, நிறுத்துங்க.

தலையை விட்டுட்டு முகத்தை மட்டும் பார்த்தா திரும்பத் திரும்ப வரும். அந்த ஈஸ்ட்டை அடக்கற கீட்டோகோனசோல் 2% ஷாம்பு வாரம் ரெண்டு தடவை, நாலு வாரம். முடியில இல்ல, மண்டைத்தோல்ல படணும், நுரையோட அஞ்சு நிமிஷம் விட்டு அப்புறம் அலசணும். என்கிட்ட வந்த ஒருத்தர் ரெண்டு மாசமா இதே ஷாம்புதான் போட்டிருக்கார், ஒரு பலனும் இல்லன்னார், எப்படிப் போடறீங்கன்னு கேட்டா தேய்ச்ச கையோட தண்ணி ஊத்திடுவாராம். நேரத்தை மட்டும்தான் மாத்தச் சொன்னேன், மூணாவது வாரமே அரிப்பு அடங்கிடுச்சு.

அந்த நுரையையே புருவத்துலயும் காது பின்னாடியும் தொட்டு வைக்கலாம், கண்ணுல படாம. முகத்துக்குத் தனியா கீட்டோகோனசோல் 2% கிரீம் காலை ராத்திரி ரெண்டு வேளை, லேசா, ரெண்டுல இருந்து நாலு வாரம். ரொம்ப எரிஞ்சா ஹைட்ரோகார்ட்டிசோன் 1%ங்கற லேசான ஸ்டீராய்டு கிரீம் சில நாள் மட்டும் சேர்க்கலாம், அதையும் டாக்டரைக் கேட்டுட்டுப் பண்ணுங்க. காதுக்குள்ள பட்ஸ் விட்டுக் குடையாதீங்க, புண்ணாயிடும்.

சிவப்பு போனப்புறம் அந்த இடம் கொஞ்ச நாள் வெளிறி இருக்கலாம், நம்ம நிறத்துல நல்லாவே தெரியும், வெண்புள்ளியோன்னு பயந்துடாதீங்க, பெரும்பாலும் தானா நிறம் திரும்பிடும்.

இது ஒரேயடியா போற வியாதி இல்ல. அடங்கினப்புறமும் வாரம் ஒண்ணு, இல்ல ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு அந்த ஷாம்பு போட்டுட்டே இருங்க, தூக்கம் கெட்டாலோ டென்ஷன் ஏறினாலோ கொஞ்சம் தலைகாட்டும்.

நாலு வாரம் ஒழுங்கா பண்ணியும் அசையலன்னா, செதில் தடிப்பா வெள்ளி மாதிரி இருந்தாலோ முழங்கை, நகத்துலயும் மாற்றம் தெரிஞ்சாலோ அது சோரியாசிஸ்ங்கற வேற தோல் வியாதியா இருக்கலாம், தோல் டாக்டர்கிட்ட நேர்ல காட்டுங்க, போகும்போது அந்த பழைய டியூபையும் கையோட எடுத்துட்டுப் போங்க.