நோட்டு எழுதுகிறவரிடம் பேசினீர்களா?

கேள்வி: நான் டேட்டா அனலிஸ்ட். ஓய்வு நேரத்தில் சிறு கடைகளுக்கு விற்பனை டேஷ்போர்டு செய்து கொடுக்கிறேன். ஒரு கடைக்கு எட்டு சார்ட் போட்டுக் கொடுத்தேன். முதல் வாரம் பாராட்டினார்கள், இப்போது திறப்பதே இல்லை. போன மாதம் விற்பனை கூடியிருப்பதைக் காட்டியபோதுகூட முதலாளி முகத்தில் சந்தோஷம் இல்லை. அவர் மனைவி இன்னும் ராத்திரி பழைய நோட்டில்தான் எழுதுகிறார். அதைப் போட்டோ எடுத்து அனுப்புவார், ஞாயிற்றுக்கிழமை நான் ஏற்றிவிடுவேன். இன்னும் இரண்டு கடைகள் பாதியிலேயே நிறுத்திவிட்டன. இவர்கள் மாற்றத்துக்குத் தயாராக இல்லையா? கட்டணத்தைக் குறைக்கவா, டிசைனை மாற்றவா?

பதில்: தம்பி, கட்டணமும் டிசைனும் இருக்கட்டும். அந்த நோட்டைப் பற்றிப் பேசுவோம். வாராவாரம் அதன் படத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்கிறீர்கள். அதை எழுதுகிறவருடன் ஒரு தடவையாவது உட்கார்ந்து பேசியதாகக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. "பழைய நோட்டு" என்கிறீர்கள். அந்தக் கடையில் இன்றைய கணக்கு இன்றே இருக்கும் இடம் அது ஒன்றுதான். உங்கள் திரையில் தெரிவது போன ஞாயிறு வரைக்குமான கணக்கு. திங்களன்று நடந்ததை ராத்திரியே தெரிந்துகொண்ட பெண்மணிக்கு, ஆறு நாள் கழித்து நிறம் பூசிக் காட்டுகிறீர்கள். அவர் ஏன் திறக்க வேண்டும்?

முதலாளி முகம் மலராததற்கும் பதில் அந்த நோட்டில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நான் பார்த்த ஒரு கடையின் கணக்கைச் சொல்கிறேன். ஒரு மாதம் விற்றது 100, அதில் கைக்கு வந்தது 90. மறுமாதம் விற்றது 120, வந்தது 70. மீதி 50 பாக்கி. விற்பனைக் கோடு ஜோராக மேலே ஏறியது. சரக்கு கொடுத்தவருக்கு மட்டும் பணம் குறித்த தேதியில் போயாக வேண்டும். கல்லாவில் இல்லாத பணத்தை "வளர்ச்சி" என்று காட்டினால் எவருக்குச் சிரிப்பு வரும்? யார் எவ்வளவு தர வேண்டும் என்பதை நோட்டு எழுதுகிறவர் பெயர் பெயராக வைத்திருப்பார். உங்கள் எட்டு சார்ட்டில் பாக்கிக்கு ஒன்று இருக்கிறதா?

எனக்கு இதில் கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. எங்கள் குடும்பத் தொழிலின் கணக்கை வருஷக்கணக்காக என் அம்மாதான் எழுதினார். வந்து போன கணக்கர்கள் எல்லாரும் அப்பாவிடம்தான் பேசினார்கள். அவர் சரியாகத் தெரியாமலேயே தலையாட்டுவார். ஒரு குடும்பத்தின் பணத்தைத் தொடுகிறவருக்கு முதல் கடமை, அந்த வீட்டில் அந்தப் பாரத்தைச் சுமக்கிறவர் யார் என்று கேட்டு, அவர் முன்னால் போய் உட்காருவது. நீங்கள் அதைச் செய்யாமல் "தயாராக இல்லை" என்று அவர்கள் மேல் பழி போடுகிறீர்கள்.

இனி செய்ய வேண்டியது. எட்டு சார்ட்டையும் எடுத்துவிடுங்கள். நோட்டில் அவர் எந்த வரிசையில் எழுதுகிறாரோ, அதே வரிசையில் ஒரு ஷீட் போடுங்கள். ஐந்து பத்தி போதும்: தேதி, பெயர், பொருள், பில் தொகை, வந்த பணம். ஒரு கொடுக்கல் வாங்கலுக்கு ஒரு வரி. பழைய பாக்கி வரும்போது பழைய வரியில் கை வைக்காமல், புது வரி போட்டு, பில் தொகையைக் காலியாக விட்டு, வந்த பணத்தை மட்டும் எழுதச் சொல்லுங்கள். பழைய வரியைத் திருத்தினால் எந்தத் தேதியில் பணம் வந்தது என்பது அழிந்துபோகும், அப்புறம் எந்த நாளின் கல்லாவும் ஒத்துவராது.

பெயர் பத்தியில் கீழிறங்கும் பட்டியல் வையுங்கள் (Data validation). ஒரே ஆள் ஒரு நாள் இனிஷியலோடும் மறுநாள் இல்லாமலும் எழுதப்பட்டால், ஷீட் அவரை இரண்டு பேராக எண்ணிப் பாக்கியைப் பிரித்துவிடும். பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி விழுந்தாலே போதும், கண்ணுக்கும் தெரியாது. B பெயர், D பில், E வந்த பணம் என்றால், H2-வில் உள்ளவரின் பாக்கி இது:

```
=SUMIF(B:B,H2,D:D)-SUMIF(B:B,H2,E:E)
```

தேதியை முதல் நாளே சோதியுங்கள். ஷீட்டின் Locale மாதத்தை முதலில் படிக்கும் நாட்டுக்கு இருந்தால், 03/04 என்று எழுதிய ஏப்ரல் 3 மார்ச் 4 ஆகிவிடும். 12 ஆம் தேதிக்குப் பிறகு எழுதுவதோ வெறும் எழுத்தாக நின்று, மாதக் கூட்டலில் சேராமல் போகும். தேதிகளில் சில இடது ஓரமாகவும் சில வலது ஓரமாகவும் ஒதுங்கி நின்றால் இதுதான் கோளாறு என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது கொஞ்சம் சங்கடமான இடம். கல்லாவிலிருந்து வீட்டுச் செலவுக்கும் பணம் எடுப்பார்கள், அதை எழுதியிருக்க மாட்டார்கள். அதற்கும் சரக்குக்குக் கொடுத்த பணத்துக்கும் சேர்த்துத் தனியாக ஒரு தாள் வையுங்கள். எதற்கு எடுத்தார்கள் என்று நீங்கள் கேட்கக் கூடாது, தேதியும் தொகையும் போதும். குடும்பத்துக்காக உழைக்கிற கடையிலிருந்து குடும்பம் பணம் எடுப்பது தப்பே இல்லை. எழுதாமல் எடுப்பதுதான் தப்பு. அதனால்தான் "எங்கே போகிறது பணம்" என்று வீட்டுக்குள் சந்தேகம் முளைக்கிறது.

இனி ராத்திரிதோறும் ஒரே சோதனை. காலையில் இருந்த ரொக்கம், கூட்டல் வந்த பணம், கழித்தல் வெளியே போனது. கல்லாவை எண்ணினால் அதே தொகை வர வேண்டும். வராவிட்டால் அன்றே இருவருமாகத் தேடுங்கள், மறுநாளைக்குப் போனால் யாருக்கும் நினைவிருக்காது. ரொக்கத்துக்குப் பதில் நேரே வங்கிக் கணக்குக்கு வந்த தொகைதான் பெரும்பாலும் குழப்பும், அதனால் அதை வேறு பத்தியில் பிரித்து, பாக்கிக் கணக்கில் அந்தப் பத்தியையும் கழித்துவிடுங்கள். ஒரு மாதம் முழுக்க நோட்டும் ஷீட்டும் ஒத்துப்போகும் வரை நோட்டை நிறுத்தச் சொல்லாதீர்கள். அதற்குப் பிறகும் நிறுத்துவதும் வைத்துக்கொள்வதும் அவர் விருப்பம்.

திரையில் மூன்று விஷயம் போதும்: இன்று வந்த பணம், அதிக நாளாகப் பாக்கி வைத்திருக்கும் ஐந்து பேர், 30 நாளாக ஒன்றுகூட விற்காத பொருள்கள். மறுநாள் காலை யாருக்கு போன் செய்வது, எதைத் திரும்ப வாங்காமல் விடுவது என்று அவர் இதை வைத்து முடிவு எடுப்பார். லாபத்தைக் காட்டுவதாகச் சொல்லிவிடாதீர்கள். கொள்முதல் விலையை எழுதாத ஷீட்டில் லாபம் தெரியாது.

ஏற்றும் வேலை உங்கள் கையில் இருக்கவே கூடாது. ஃபைல் அந்த வீட்டாரின் கணக்கில், அவர்கள் பெயரில் இருக்கட்டும், உங்களுக்குத் திருத்தும் அனுமதி மட்டும் போதும். நாளைக்கு உங்களுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துப் போனாலும் அவர்கள் கணக்கு உங்களோடு போய்விடக் கூடாது.

நிறுத்திவிட்ட அந்த இரண்டு கடைகளிலும் ராத்திரி கணக்கு எழுதியது யார்? உங்கள் கடிதத்தில் அது இல்லை. போய்க் கேட்டுவிட்டு எழுதுங்கள், கட்டணத்தை அப்புறம் பேசலாம்.