பணவீக்கத்தைச் சேர்த்தால் தங்கத்தின் உச்சம் எது?

கேள்வி: 2011லும் 2020லும் "தங்கம் வரலாறு காணாத உச்சம்" என்று செய்தியில் படித்தேன். ஆனால் பணவீக்கத்தைக் கணக்கில் எடுத்தால் 1980 விலைதான் உச்சம் என்கிறார்கள். 850 டாலர் எப்படி 2,000 டாலரை விடப் பெரிதாகும்?

பதில்:

1980இல் 850 டாலருக்கு வாங்க முடிந்த பொருள்களை 2020இல் வாங்க ஏறக்குறைய 2,840 டாலர் வேண்டும். அந்த ஆண்டு தங்கம் எட்டியதோ 2,067 டாலர். வித்தியாசம் இவ்வளவுதான். ஆனால் அந்த 2,840 எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை நாமே போட்டுப் பார்த்தால்தான் மனதில் நிற்கும்.

முதலில் விலை. 1980 ஜனவரி 21 அன்று லண்டன் சந்தையின் பிற்பகல் நிர்ணய விலை ஒரு அவுன்ஸுக்கு 850 டாலர் (சந்தை அவுன்ஸ் என்பது 31.1 கிராம்). தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகப் பணியாளர்கள் பணயக்கைதிகளாக இருந்த நேரம் அது. சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அமெரிக்காவில் விலைவாசி ஆண்டுக்கு 13 சதவீதத்துக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது. எல்லாம் சேர்ந்து விலையை ஒரே மூச்சில் மேலே கொண்டுபோய்விட்டன. மறுநாளே 100 டாலருக்கு மேல் விழுந்தது என்பதையும் நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

அடுத்தது விலைவாசி. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம் மாதாமாதம் நுகர்வோர் விலைக் குறியீட்டை வெளியிடுகிறது. அமெரிக்க மத்திய வங்கியின் செயின்ட் லூயிஸ் கிளை நடத்தும் FRED என்ற தரவுத் தளத்தில் CPIAUCNS என்று தேடினால் முழு வரிசையும் இலவசமாகக் கிடைக்கும். 1980 ஜனவரியில் குறியீடு 77.8. 2020 ஆகஸ்டில் 259.9.

```
850 × 259.9 / 77.8 ≈ 2,840
```

இதே கணக்கை 2011 செப்டம்பருக்குப் போடுங்கள். குறியீடு 226.9, எனவே பழைய உச்சம் அன்றைய பணத்தில் 2,479 டாலர். தங்கம் அப்போது 1,895ஐத் தொட்டது. ரொக்கக் கணக்கில் அது புது உச்சம்தான், செய்தித்தாள் பொய் சொல்லவில்லை. ஆனால் வாங்கும் சக்தியில் 1980இன் முக்கால் பங்குதான்.

எனக்கு இதைவிட அழுத்தமாகத் தோன்றும் உதாரணம் 2008 ஜனவரி. 28 வருடம் கழித்து தங்கம் 850ஐத் தாண்டியது, "சாதனை முறியடிப்பு" என்று எழுதினார்கள். உச்சத்தில் வாங்கி அதுவரை பொறுமையாக வைத்திருந்தவர் கையில் அன்று இருந்த 850 டாலர், 1980 பணத்தில் வெறும் 313 டாலர். போட்ட முதல் திரும்பிவிட்டது என்று அவர் நினைத்துக்கொள்ளலாம். உண்மையில் மூன்றில் ஒரு பங்கை விடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் திரும்பியிருக்கிறது.

இன்னொன்று, பழைய உச்சம் ஒரு இடத்தில் நிற்பதில்லை. விலைவாசி ஏற ஏற அதுவும் நகரும். "1980 உச்சம் இன்றைய பணத்தில் 2,500 டாலர்" என்று யாராவது எழுதியிருந்தால், அது எந்த மாதத்துப் பணம் என்று கேளுங்கள். 2011இல் செய்த கணக்கை அப்படியே எடுத்துப் பல வருடம் கழித்து ஒட்டுபவர்கள் நிறைய. 2025 செப்டம்பரில் குறியீடு 324.8, அதன்படி தாண்ட வேண்டிய உயரம் ஏறக்குறைய 3,550 டாலர். அந்த மாதத்தில்தான் தங்கம் அதைத் தாண்டியது. ஆக, ரொக்க உச்சம் உடைய 28 வருடம், பணவீக்கத்தைச் சேர்த்துப் பார்க்கும் மெய் உச்சம் உடைய 45 வருடம்.

இங்கேதான் அந்த மறுநாள் சரிவு தேவைப்படுகிறது. 850 என்பது ஒரே ஒரு நாளின் விலை. அந்த விலைக்கு வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான். 1980 ஜனவரி முழுவதற்கும் சராசரி எடுத்தால் விலை சுமார் 675 டாலர், ஆண்டு முழுவதற்கும் எடுத்தால் 615க்குப் பக்கத்தில். இந்தச் சராசரிகளை வைத்துக் கணக்குப் போட்டால் பதிலே மாறும். ஆண்டுச் சராசரிப்படி 2024லேயே தங்கம் 1980ஐத் தாண்டிவிட்டது. மாதச் சராசரிப்படி 2025இன் தொடக்கத்தில் தாண்டியது. ஒருநாள் உச்சம் மட்டும்தான் செப்டம்பர் வரை தாக்குப்பிடித்தது. என்னைக் கேட்டால் ஆண்டுச் சராசரிதான் நியாயமான ஒப்பீடு, ஏனென்றால் பரபரப்பில் ஒருநாள் எழுந்த விலையை நாற்பது வருடக் கணக்குக்கு அடிப்படையாக வைப்பது கொஞ்சம் அதிகப்படி. எதை எடுத்தாலும் சரி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எடுக்க வேண்டும். ஒரு பக்கம் மாதச் சராசரி, இன்னொரு பக்கம் வர்த்தக நேரத்தின் உச்சம் என்று வைத்தால் எந்தப் பதிலையும் வரவழைத்துவிடலாம்.

குறியீட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. 1983க்கு முன் அமெரிக்கக் குறியீட்டில் சொந்த வீட்டுச் செலவு என்றால் வீட்டு விலையும் வீட்டுக்கடன் வட்டியும் நேரடியாக உள்ளே வந்துவிடும். 1979, 80இல் வட்டி தாறுமாறாக ஏறியதால் குறியீடும் கூடுதலாக ஏறியது. பிறகு அதை மாற்றி, அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் என்ன கிடைக்கும் என்று அளக்க ஆரம்பித்தார்கள். ஆனால் பழைய ஆண்டுகளின் அதிகாரப்பூர்வ எண்களைத் திருத்தவில்லை. இன்றைய முறையைப் பழைய ஆண்டுகளுக்கும் பொருத்திய ஆய்வு வரிசை ஒன்றை அதே அலுவலகம் தனியாக வெளியிடுகிறது. அதன்படி 1980க்குப் பிந்தைய பணவீக்கம் சற்றுக் குறைவு, எனவே தாண்ட வேண்டிய உயரமும் குறைவு. பணவீக்கத்தை அரசு குறைத்துக் காட்டுகிறது என்று நம்புபவர்களோ கணக்கை எதிர்த்திசையில் இழுப்பார்கள். அவர்களுக்கு மெய் உச்சம் இன்னும் எட்டாத தூரம்.

இவ்வளவும் டாலர் கதை. ரூபாயில் உச்சம் வேறு நாளில் வரும். 2013 ஆகஸ்டில் தங்கம் டாலரில் 2011 உச்சத்தை விட நாலில் ஒரு பங்கு கீழே கிடந்தது. ஆனால் டாலர் 68 ரூபாயைத் தொட, இறக்குமதி வரியும் அதே மாதம் 10 சதவீதமாக, இங்கே 10 கிராம் 35,000 ரூபாயை ஒட்டிப் புது உச்சம் போனது. ரூபாயில் மெய் உச்சத்தைப் பார்க்க அமெரிக்கக் குறியீடு உதவாது, இந்தியக் குறியீடு வேண்டும். இன்றைய பொது நுகர்வோர் விலைக் குறியீடு 2011இலிருந்துதான் இருக்கிறது. 1980 வரை போக வேண்டுமானால் தொழிற்துறைத் தொழிலாளர்களுக்கான பழைய குறியீட்டை எடுத்து, அடிப்படை ஆண்டு மாறிய ஒவ்வொரு இடத்திலும் பழைய வரிசையையும் புதிய வரிசையையும் பொருத்தும் இணைப்புக் காரணியால் பெருக்கிக்கொண்டே வர வேண்டும். இதில் ஒரு இடத்தை விட்டால் விடை பல மடங்கு தப்பாகப் போகும். வரைபடத்தில் ஒரே மாதத்தில் செங்குத்தாக ஒரு சரிவு தெரிந்தால் அங்கேதான் விட்டிருக்கிறீர்கள்.