துண்டில் ரூபாயாக எழுதப்படாத செலவு

கேள்வி: வெங்காயம் வித்த துண்டுகள் ஒரு பை நிறையக் கிடக்குது. கைக்கு வந்த காசை மட்டும் கொப்பியில எழுதி வைச்சிருக்கிறன். இந்தப் போகத்து வருமானத்தை இதிலயிருந்து எப்பிடிச் சரியா எடுக்கிறது? (குப்பிழான் வாசகர்)

பதில்: கைக்கு வந்த காசை வருமானமென்று எழுதினால் கணக்குப் பிழைக்கும். துண்டில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாகப் பதிய வேண்டும்.

ஒரு மாதிரித் துண்டை எடுப்போம். 6 சாக்கு, மொத்த நிறை 318 கிலோ. ஆறு சாக்கின் நிறையாக மொத்தம் 6 கிலோ போக மீதி 312. நூற்றுக்குப் பத்துக் கழிவென்றால் 31.2 கிலோ. வியாபாரி மிச்சத்தை முழு எண்ணாக்கி 280 என்று போட்டிருப்பார், அப்போது கழிவு 32. கிலோ 250 ரூபாய்ப்படி 70,000. கொமிஷன் 5 வீதம் 3,500, இறக்கு கூலி 600. கையில் தந்தது 50,900.

கூட்டிக் கழித்தால் 15,000 இடிக்கிறது. இப்படி இடித்தால் முதலில் பழைய முற்பணத்தை நினைத்துப் பாருங்கள். விதைக்கோ உரத்துக்கோ வாங்கியதை அவர் கழித்திருப்பார், துண்டில் எழுதியிருக்கமாட்டார். அது கடன் அடைத்த காசு, விற்பனைச் செலவல்ல. அதனால் இந்த விற்பனையின் வருமானம் 65,900.

கைத்தொலைபேசியில் கூகுள் ஷீற் இருந்தால் ஒரு துண்டுக்கு ஒரு வரி போதும். A திகதி, B பயிரும் போகமும், C மொத்த நிறை, D சாக்கு நிறை, E கழிவு கிலோ, F விலை, G கொமிஷன், H கூலி, I முற்பணம், J கையில் வந்தது. முதல் வரியில் தலைப்புகளை எழுதி, K2-இல் இதைப் போடுங்கள்:

```
=(C2-D2-E2)*F2-G2-H2-I2-J2
```

விடை 0 வரவேண்டும். வராவிட்டால் எண்ணைத் தவறாக வாசித்திருப்பீர்கள், அல்லது சொல்லாமல் ஏதோ கழிபட்டிருக்கிறது. கரித்தாள் பிரதியில் 1-உம் 7-உம் ஒன்றுபோலத் தெரியும். அதனால் துண்டு கைக்கு வந்த அன்றே படமெடுத்து, எண்களை நீங்களே தட்டுங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். இதே துண்டில் கொமிஷன் 3,900 என்றிருந்தால், கழிவுக்கு முந்திய 312 கிலோவுக்கு 5 வீதம் எடுத்திருக்கிறார். காசு தராத நிறைக்கும் கொமிஷன்! அடுத்த முறை கேட்க வேண்டிய கேள்வி அது.

எல்லோரும் கொமிஷனைத்தான் திட்டுவார்கள். இங்கே கழிவாகப் போன 32 கிலோவின் பெறுமதி 8,000 ரூபாய், கொமிஷனைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். ரூபாயாக எழுதப்படாததால் கண்ணில் படுவதில்லை. 65,900-ஐ 312-ஆல் பிரித்தால் கிலோவுக்கு 211 ரூபாய் சொச்சம். இரண்டு சந்தைகளை ஒப்பிடும்போது 250-ஐப் பார்க்காமல் இந்த 211-ஐப் பாருங்கள்.

வெங்காயத்தைக் கட்டித் தொங்கவிட்டு இரண்டு மாதம் கழித்து விற்றாலும் B-இல் அறுவடை செய்த போகத்தையே எழுதுங்கள். விற்ற திகதியைப் பார்த்துப் பிரித்தால், ஒரு போகத்தின் உரச்செலவு ஒரு பக்கமும் அதன் வரவு மறுபக்கமும் போய்விடும்.