எந்தப் பக்கம் தள்ளியது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

பொதுச் சுகாதாரத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். மாதவிடாய் நின்ற பெண்களுக்கான ஹார்மோன் சிகிச்சையும் இதயநோயும் என் தலைப்பு. முந்தைய ஆய்வுகளின் மீளாய்வை எழுதி நெறியாளரிடம் கொடுத்தேன். "எல்லாரையும் அடித்துப் போட்டிருக்கிறாய்" என்று திருப்பித் தந்தார். மாற்றி எழுதியதைப் படித்த குழு உறுப்பினர் ஒருவர், "இதில் விமர்சனமே இல்லை, வெறும் பட்டியல்" என்கிறார். 1991இல் வெளிவந்த அமெரிக்கச் செவிலியர் ஆய்வைப் பற்றி நான் முதலில் எழுதியது இது: "இது வெறும் அவதானிப்பு ஆய்வு. ஆரோக்கியமான பெண்களே மருந்தை உட்கொண்டிருக்கலாம் என்பதை ஆசிரியர்கள் கருத்தில் கொள்ளத் தவறினர். பின்னர் வந்த சோதனை இதன் முடிவைப் பொய்யாக்கியது." இதில் என்ன தவறு? எந்தச் சொற்களைத் தவிர்க்க வேண்டும்? ஆசிரியர்களின் பெயரைச் சொல்லிக் குறை கூறலாமா? (என் பெயரை வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள மாணவிக்கு,

சொற்களைப் பற்றிய கேள்வியை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். 'வெறும்', 'தவறினர்', 'பொய்யாக்கியது' ஆகிய மூன்றையும் எடுத்துவிட்டு அங்கே மென்மையான மூன்று சொற்களை வைத்தால் உங்கள் பத்தி சரியாகிவிடாது. இரண்டாம் முறை நீங்கள் அதைத்தான் செய்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அதனால்தான் அது பட்டியலாகிவிட்டது. பெயரைப் பொறுத்தவரை, மேற்கோள் காட்டினால் பெயர் வரத்தான் செய்யும். குறையை ஆய்வின் அமைப்பின்மேல் ஏற்றுங்கள், ஆளின்மேல் ஏற்றாதீர்கள். அதற்குமேல் அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

நான் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. உங்கள் மூன்று வாக்கியங்களில் இரண்டாவது, கடுமையானது என்பதற்கு முன்னால், உண்மையல்லாதது. அந்த 1991 கட்டுரையை நீங்கள் முழுமையாகப் படித்தீர்களா? 48,470 பெண்களைப் பத்தாண்டுகள் வரை பின்தொடர்ந்து, ஈஸ்ட்ரோஜனை அப்போது எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இதயத் தமனி நோயின் ஒப்பீட்டு அபாயம் 0.56, அதாவது எடுக்காதவர்களைவிட 44 விழுக்காடு குறைவு, என்று அது சொன்னது. மருந்து எடுப்பவர்கள் பொதுவாகவே ஆரோக்கியமானவர்களாக இருக்கலாமே என்ற ஐயம் அந்த ஆசிரியர்களுக்கு வராமல் இல்லை. வயது, புகைப்பழக்கம் முதலியவற்றின் பாதிப்பைக் கணக்கிலிருந்து விலக்கிப் பார்க்கும் சரிக்கட்டலைச் செய்தார்கள். அபாயக் காரணிகள் இல்லாத பெண்களை மட்டும் தனியே எடுத்தும் கணக்கிட்டுப் பார்த்தார்கள். அந்தச் சரிக்கட்டல் போதுமானதா என்று நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் 'கருத்தில் கொள்ளவில்லை' என்று எழுதினால், அவர்கள் செய்ததைச் செய்யவில்லை என்கிறீர்கள். மீளாய்வில் இதைவிடப் பெரிய அநீதி எனக்குத் தெரியவில்லை. உங்கள் நெறியாளர் இதைத் தொனியின் குறையாகப் பார்த்திருக்கிறார். எனக்கு இது வாசிப்பின் குறையாகத் தெரிகிறது.

மூன்றாவது வாக்கியத்தையும் அவசரத்தில் எழுதியிருக்கிறீர்கள். 2002இல் முன்கூட்டியே நிறுத்தப்பட்ட 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' சோதனை 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையைப் போலி மாத்திரையோடு ஒப்பிட்டது. 1991 கட்டுரை பேசியது ஈஸ்ட்ரோஜனைப் பற்றி. மருந்து வேறு, எடுத்துக்கொண்ட பெண்களின் வயது வேறு, எடுக்கத் தொடங்கிய காலம் வேறு. ஒன்றை மற்றொன்று 'பொய்யாக்கியது' என்பதற்குமுன் இரண்டும் ஒரே கேள்வியைத்தான் கேட்டனவா என்று பார்த்திருக்க வேண்டும்.

இனி முதல் வாக்கியம். 'அவதானிப்பு ஆய்வு' என்பது, மருந்தை ஆய்வாளர் பிரித்துக் கொடுக்காமல், தாமாக எடுப்பவர்களைப் பின்தொடர்ந்து பார்க்கும் ஆய்வின் வகையைச் சொல்லும் பெயர், அதுவே குறையாகிவிடாது. இதை நான் யாரிடமிருந்து கற்றேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வயதில் நானும் ஒரு மீளாய்வுக் கட்டுரை எழுதினேன். அதில் ஓர் ஆய்வைப் பற்றி, 'மாதிரி மிகச் சிறியது. ஆகவே பொருட்படுத்தத் தக்கதன்று' என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். மொத்தம் முப்பத்து நான்கு பேரை வைத்து, இரண்டு குழுக்களுக்கும் இடையே வேறுபாடு தெரியவில்லை என்று சொன்ன ஆய்வு அது. ஒரு கருத்தரங்கில் நான் பேசி முடித்ததும் வயதான பெண்மணி ஒருவர் அருகில் வந்து, தாம்தான் அதன் ஆசிரியர் என்றார். கோபப்படவில்லை. "மாதிரி சிறியது என்பது சரிதான், தம்பி. அது என் முடிவை எந்தப் பக்கம் தள்ளியது என்று எழுதவில்லையே?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அறைக்குப் போய் அவருடைய கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். விவாதப் பகுதியின் கடைசிப் பத்தியில், இத்தனை பேரைக்கொண்டு மிதமான வேறுபாட்டைக் கண்டறிய முடியாது என்று அவரே எழுதியிருந்தார். சிறிய மாதிரி அவருடைய முடிவை ஒரு பக்கமாகத் தள்ளவில்லை, விடையை அகலமாக்கியிருந்தது. உண்மையான விடை இருக்கக்கூடிய வரம்பாக அவர் காட்டிய நம்பக இடைவெளிக்குள் கணிசமான நன்மைக்கும் இடமிருந்தது, தீமைக்கும் இடமிருந்தது. 'இந்த ஆய்வு இரண்டில் எதையும் விலக்கவில்லை' என்பதே நான் எழுதியிருக்க வேண்டிய வாக்கியம். அந்த வாக்கியம் அவரை இழிவுபடுத்தியிருக்காது. என் வாசகருக்கும் பயன்பட்டிருக்கும்.

அன்றிலிருந்து எந்த ஆய்வின் குறையை எழுதினாலும் அவருடைய கேள்வியைக் கேட்காமல் நான் மேலே போவதில்லை. நீங்களும் செவிலியர் ஆய்வை வைத்து அதைக் கேட்டுப் பாருங்கள். அந்த ஆய்வு 1976இல் தொடங்கியது. இரண்டாண்டுக்கு ஒருமுறை வினாத்தாள் அனுப்பித் தகவல் திரட்டியது. மருந்தை 'இப்போது எடுத்துக்கொண்டிருப்பவர்' என்று பதிவானவர்களில் பலர் கணக்குத் தொடங்கும்போதே சில ஆண்டுகளாக அதை எடுத்துவந்தவர்கள். மருந்தைத் தொடங்கிய முதல் ஓராண்டிலேயே மாரடைப்பு வந்து இறந்தவரோ, பயந்து மருந்தை நிறுத்தியவரோ அந்தக் குழுவில் இருக்கமாட்டார். ஆரம்ப ஆபத்தைத் தாண்டி வந்தவர்களே பெரும்பாலும் எஞ்சியிருப்பார்கள். இது முடிவை எந்தப் பக்கம் தள்ளும்? மருந்து நன்மை செய்வதுபோலத் தோன்றும் பக்கம். இன்னொன்றும் உண்டு: ஒரு வினாத்தாளுக்குப் பதில் எழுதிய மறுமாதம் மருந்தைத் தொடங்கி, பதினான்காம் மாதம் மாரடைப்புக்கு ஆளான பெண், கடைசியாகக் கிடைத்த தாளின்படி 'மருந்து எடுக்காதவர்' கணக்கில் சேர்வார். மருந்தின் பழி மருந்தில்லாத குழுவின்மேல் விழும். இதுவும் அதே பக்கம்தான் தள்ளுகிறது.

இவை கற்பனையான ஐயங்கள் அல்ல. 2002 சோதனையில் இதயநோய் ஆபத்து முதல் ஆண்டில்தான் மிகக் கூடுதலாக இருந்தது. ஆகவே, ஆரம்ப காலத்தைத் தவறவிடும் எந்த அமைப்பும் அந்த ஆபத்தையே தவறவிடும். 2008இல் மிகெல் ஹெர்னானும் உடன் ஆய்வாளர்களும் அதே செவிலியர் ஆய்வின் தரவை எடுத்து, ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த சிகிச்சைக்கு, ஒரு சோதனையைப்போலவே மறுபடி அடுக்கினார்கள். ஒவ்வொரு ஈராண்டிலும் அதற்கு முந்தைய ஈராண்டில் மருந்து எடுக்காதிருந்த பெண்களை மட்டும் தேர்ந்து, புதிதாகத் தொடங்கியவர்களைத் தொடங்காதவர்களோடு ஒப்பிட்டார்கள். அப்படிப் பார்த்தபோது ஆரம்ப ஆண்டுகளின் ஆபத்து இந்தத் தரவிலும் வெளிப்பட்டது. மாதவிடாய் நின்று எத்தனை ஆண்டுகள் ஆயின, எவ்வளவு காலம் பின்தொடர்ந்தார்கள் என்ற இரண்டையும் கணக்கில் எடுத்ததும், இரு ஆய்வுகளுக்கும் இருந்த முரண்பாட்டின் பெரும்பகுதி விளங்கிவிட்டது. நீங்களும் இன்னும் பலரும் ஒரே வார்த்தையில் காரணம் காட்டிய 'ஆரோக்கியமான பெண்கள்' விளக்கம் அத்தனை பெரிய பங்கு வகிக்கவில்லை. 'அவதானிப்பு ஆய்வுதானே' என்று தள்ளிவிட்டவர்களால் இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. அந்த 2008 கட்டுரையின் ஆசிரியர்களில் சிலர் பழைய செவிலியர் ஆய்வை நடத்திய குழுவில் இருந்தவர்கள் என்பதையும் கவனியுங்கள். குறை இன்னதென்று துல்லியமாகச் சொன்னால் அதைச் சுமப்பவரும் உடன் அமர்ந்து கணக்குப் போடலாம். 'வெறும்' என்று சொல்பவரோடு யாராலும் உட்கார முடியாது.

உங்கள் பத்தி ஏறத்தாழ இப்படி வரலாம்:

"1991 ஆய்வு, அப்போது ஈஸ்ட்ரோஜன் எடுத்துவந்தவர்களிடம் இதயத் தமனி நோய் குறைவாக இருந்ததாகக் கண்டது, தெரிந்த அபாயக் காரணிகளுக்குச் சரிக்கட்டியபின்னும் அந்த வேறுபாடு நீடித்தது. பயனாளர்களில் பலர் ஏற்கெனவே சில ஆண்டுகளாக மருந்து எடுத்தவர்கள். மருந்துப் பயன்பாடு இரண்டாண்டுக்கு ஒருமுறையே பதிவானது. எனவே, மருந்து தொடங்கிய உடனடிக் காலத்தில் நேர்ந்த நோய் நிகழ்வுகள் பயனாளர் கணக்கில் குறைவாகச் சேர்ந்திருக்கக்கூடும். இது பாதுகாப்பு விளைவை மிகைப்படுத்தும் திசையில் செயல்படும். நீண்டகாலப் பயனாளர்களின் நிலையைப் பற்றி இந்த ஆய்வு தகவல் தருகிறது. மருந்தைத் தொடங்கலாமா என்ற கேள்விக்கு இதை நேரடியாகப் பயன்படுத்த இயலாது."

'துரதிர்ஷ்டவசமாக', 'இருப்பினும் பாராட்டத்தக்கது' போன்ற தலையணைகள் எதுவும் இதில் இல்லை, தேவையும் இல்லை. அந்த ஆய்வு எந்தக் கேள்விக்கு இன்னும் உதவுகிறது என்று கடைசிக்கு முந்தைய வாக்கியம் சொல்கிறது, மரியாதை அங்கே இருக்கிறது. 'மிகைப்படுத்தியது' என்று முடிக்காமல் 'திசையில் செயல்படும்' என்று நிறுத்தியிருப்பதையும் பாருங்கள். எவ்வளவு மிகைப்படுத்தியது என்பது இந்தக் கட்டுரையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாதது.

உங்களிடம் நான் உண்மையில் கடிந்துகொள்ள வேண்டியது இன்னும் மிச்சமிருக்கிறது. 1991 ஆய்வை இவ்வளவு கண்டிப்பாகப் பார்த்த நீங்கள், 2002 சோதனையைத் தீர்ப்பாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள். அந்தச் சோதனையில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்ற உடனே மருந்து தொடங்கும் ஐம்பது வயதுப் பெண்ணுக்கு அதன் முடிவு எவ்வளவு பொருந்தும் என்பது அப்படியே கேள்வியாக நிற்கிறது. மருந்துக் குழுவில் 42 விழுக்காட்டினர் இடையில் ஏதோ ஒரு கட்டத்தில் மாத்திரையை நிறுத்தியவர்கள். பிரித்த குழுவிலேயே வைத்து அவர்களைக் கணக்கிடும்போது, மருந்தின் விளைவு எதுவானாலும் அது மங்கித் தெரியும். ஆபத்து கூடியது என்று எழுதும் இடத்தில், பத்தாயிரம் பெண்களை ஓராண்டு கவனித்தால் போலி மாத்திரைக் குழுவில் 30 நிகழ்வுகளும் மருந்துக் குழுவில் 37 நிகழ்வுகளும் என்ற அளவையும் எழுதுங்கள். இவற்றையெல்லாம் எழுதினால் அந்தச் சோதனையின் மதிப்பு குறையாது. எழுதாமல் விட்டால், பழைய ஆய்வின் குறைகளை நீங்கள் தேடிப்போனது அதன் முடிவு உங்களுக்குப் பிடிக்காததால்தான் என்று படிப்பவர் எண்ணுவார், எண்ணுவதற்கு அவருக்கு உரிமையும் உண்டு.

ஆகையால் இரண்டு ஆய்வுகளுக்கும் இரண்டு பத்திகளை ஒரே கேள்வியை வைத்து எழுதுங்கள். எழுதுமுன் 1991 கட்டுரையின் விவாதப் பகுதியை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். நீங்கள் கண்டுபிடித்ததாக நினைக்கும் குறைகளில் எவற்றை அவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு, அவற்றை அவர்கள் கூற்றாகவே எழுதுங்கள். மிஞ்சுபவை மட்டும் உங்களுடையவை. எழுதியதை எனக்கு அனுப்புங்கள் அம்மா, படித்துச் சொல்கிறேன்.